ஒரே பாடம், ஒரே கருவி, இரண்டு முடிவுகள்: டீபேக் சட்டகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சுற்று நடத்தும் ஆசிரியருக்கு ஒரு நல்ல இலவசக் கருவி இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் உருவகப்படுத்தல் அது. தேடுபெட்டியில் PhET Circuit Construction Kit: DC என்று தட்டினால் வந்துவிடும். மின்கலம், பல்பு, கம்பி, அம்மீட்டர் எல்லாவற்றையும் திரையில் இழுத்து வைத்துச் சுற்று அமைக்கலாம். பள்ளியில் இணையம் இல்லையென்றால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டும் ஓட்டலாம்.

இந்த ஒரே கருவி மின்சுற்று அலகின் முதல் பாடத்தைக் கெடுக்கும். அடுத்த வாரம் வரும் இன்னொரு பாடத்தில், வேறு எதுவும் செய்ய முடியாத வேலையைச் செய்யும். எங்கே கெடுக்கும், எங்கே உதவும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்குத்தான் டீபேக் என்ற சட்டகம். நம் பயிற்சி வகுப்புகளில் அது பெரும்பாலும் பாடப்பொருள், கற்பித்தல், தொழில்நுட்பம் என்ற மூன்று வட்டங்கள் கொண்ட ஒரு படமாகவே வந்து போய்விடுகிறது.

வரலாறு சுருக்கமானது. பாடத்தை அறிந்திருப்பதும் கற்பிக்கும் முறைகளை அறிந்திருப்பதும் தனித்தனியாகப் போதாது, குறிப்பிட்ட ஒரு பாடப்பொருளை எப்படிச் சொன்னால் புரியும், மாணவர் எங்கே இடறுவார்கள் என்பது தனியான ஓர் அறிவு என்று லீ ஷுல்மன் 1986-இல் எழுதினார். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் அதனுடன் தொழில்நுட்பத்தைச் சேர்த்து டீபேக்கை உருவாக்கினார்கள்.

மூன்று வட்டத்துக்கும் டிக் போடுவது

பாடம் தெரியும், கற்பிக்கத் தெரியும், கணினி இயக்கத் தெரியும். ஆக டீபேக் இருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பதுதான் முதல் தவறு. சட்டகத்தின் பயன் வட்டங்களில் இல்லை, அவை ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களில் இருக்கிறது. தொழில்நுட்பமும் பாடப்பொருளும் சேரும் இடத்தில் கேட்க வேண்டியது: இந்தக் கருவி பாடத்தின் எந்தப் பகுதியைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது? தொழில்நுட்பமும் கற்பித்தலும் சேரும் இடத்தில் கேட்க வேண்டியது: இது வந்த பிறகு வகுப்பில் யார் யோசிக்கிறார்கள், யார் வேடிக்கை பார்க்கிறார்கள்? பாடப்பொருளும் கற்பித்தலும் சேரும் இடத்தில் ஷுல்மனின் பழைய கேள்வி நிற்கிறது: மாணவர்கள் இங்கே எதைத் தவறாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்?

என் கணிப்பில் இந்த மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு ஒரு பாடத்தைத் தேடும் பழக்கம், இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவதால்தான் வருகிறது.

கருவியிலிருந்து தொடங்குவது

முதல் பாடத்தைப் பார்ப்போம். ஒரு 1.5 வோல்ட் மின்கலம், ஒரு பழைய டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பி. பல்பை எரிய வை என்று கொடுத்தால், பெரிய வகுப்பு மாணவர்களே திணறுவார்கள். மின்கலத்தின் மேல்முனையில் பல்பின் அடிப்புள்ளியை வைப்பார்கள். கீழ்முனையிலிருந்து வரும் கம்பியையும் அதே அடிப்புள்ளியில் கொண்டுவந்து தொடுவார்கள். பல்பு எரியாது, கொஞ்ச நேரத்தில் கம்பி சுடத் தொடங்கும். பல்புக்குள் இருக்கும் இழைக்கு இரண்டு முனைகள் உண்டு, ஒன்று அடிப்புள்ளிக்கும் மற்றொன்று பக்கவாட்டு உலோக உறைக்கும் போகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் பல்பு எரியும். மூடிய சுற்று என்ற கருத்து முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பில் அடங்கியிருக்கிறது. (கடையில் டார்ச் பல்பு கேட்டால் இப்போது எல்இடியைக் கொடுக்கிறார்கள். அது ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும், ஒற்றை மின்கலத்தில் பெரும்பாலும் எரியவும் எரியாது. இழை பல்பு என்று கேட்டு வாங்க வேண்டும்.)

இதே பாடத்தைத் திரையில் நடத்தினால், பல்பின் இரண்டு இணைப்புப் புள்ளிகளும் தயாராகக் குறிக்கப்பட்டிருக்கும். கம்பியை அருகே கொண்டுபோனாலே தானாக ஒட்டிக்கொள்ளும். மாணவன் கண்டுபிடிக்க வேண்டியதை நிரலாளர் முன்பே கண்டுபிடித்து வைத்துவிட்டார். எல்லாப் பல்புகளும் எரியும், எல்லாரும் சிரிப்பார்கள், இழைக்கு இரண்டு முனை என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தப் பாடத்துக்கு ஒரு கம்பி போதும். கணினி பாடத்தைக் குறைக்கிறது.

கையில் தொடும் பொருள்தான் எப்போதும் மேல் என்று நம்புவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். இரண்டாவது பாடத்தில் நிலைமை தலைகீழாகிறது.

மின்னோட்டத்தைப் பல்பு செலவழித்துவிடுகிறது, எனவே முதல் பல்பைத் தாண்டி வரும் மின்னோட்டம் குறைவாக இருக்கும் என்ற எண்ணம் மாணவர்களிடம் மிகப் பரவலானது. உண்மையான இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் போட்டு இதை உடைக்கலாம் என்று முயன்றால் என்ன நடக்கும்? ஒரே பெட்டியில் வாங்கிய பல்புகளும் துல்லியமாக ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று சற்று மங்கலாக எரியும். அது இரண்டாவது இடத்தில் இருந்துவிட்டால், தவறான எண்ணத்துக்கு நாமே சாட்சி கொடுத்ததாகிவிடும். பல்புகளை இடம் மாற்றி, மங்கலான பல்பு எங்கே வைத்தாலும் மங்கல்தான் என்று காட்டித்தான் மீள வேண்டும். அப்போதும் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

திரையில் அது தெரிகிறது. எலக்ட்ரான்கள் சுற்று முழுவதும் ஒரே வேகத்தில், ஒரே அடர்த்தியில் நகர்வதைப் பார்க்கலாம். பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் வைக்கலாம். 2005-இல் நோவா ஃபின்கெல்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் இந்த உருவகப்படுத்தலிலும் மற்றவர்கள் உண்மைக் கருவிகளிலும் ஆய்வகப் பயிற்சி செய்தார்கள். பின்னர் மின்சுற்றுக் கேள்விகளில் மட்டுமல்ல, உண்மையான சுற்றை அமைத்து விளக்குவதிலும் உருவகப்படுத்தலில் பயின்றவர்களே மேலாக இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கருவி காட்டியதும், கவனத்தைச் சிதறடிக்கும் சில்லறைத் தொல்லைகளை நீக்கியதும் அதற்குக் காரணம்.

இருந்தாலும் கருவியைத் திறந்துவைத்தால் மட்டும் எண்ணம் மாறிவிடாது. பேட்டரி 9 வோல்ட், ஒவ்வொரு பல்பும் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்பு இருக்கும்போது அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். இரண்டாவதைத் தொடரில் சேர்த்தால் எல்லா இடத்திலும் 0.45. எல்லா இடத்திலும் ஒன்றே என்பது செலவழிக்கும் கதையை உடைக்கிறது. ஆனால் ஒரு கெட்டிக்கார மாணவன் உடனே வேறு கதை சொல்வான்: பேட்டரி தருவது 0.9, அதை இரண்டு பல்பும் பாதிப்பாதி பங்கிட்டுக்கொண்டன. எண் அவனுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மூன்றாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் 0.3 வரும், அவன் கதை இன்னும் வலுக்கும்.

இங்கேதான் பாடம் தெரிந்த ஆசிரியர் தேவை. இரண்டாவது பல்பைத் தொடரிலிருந்து எடுத்துப் பக்க இணைப்பில் போடச் சொல்ல வேண்டும். அதற்கு முன், என்ன வரும் என்று நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பங்கிடும் கதைப்படி ஒவ்வொரு பல்புக்கும் 0.45 வர வேண்டும். திரையில் ஒவ்வொன்றிலும் 0.9, பேட்டரியில் 1.8 வரும். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தருவதில்லை, எவ்வளவு போகும் என்பதை முழுச் சுற்றும் சேர்ந்து முடிவு செய்கிறது என்பது அப்போதுதான் விவாதத்துக்கு வரும். எழுதாமல் பார்த்தால், 1.8-ஐப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கருவி சொல்லும் பொய்யைச் சொல்லாமல் விடுவது

எந்த மாதிரியும் எதையோ மாற்றித்தான் காட்டும். திரையில் எலக்ட்ரான்கள் எறும்பு வரிசைபோல விரைந்து போகின்றன. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது, எலக்ட்ரான் ஒரு நொடிக்குச் சராசரியாக நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சொல்லாவிட்டால், ஸ்விட்சிலிருந்து எலக்ட்ரான் ஓடிவந்து சேர்ந்ததும் விளக்கு எரிகிறது என்று புதிய தவறு முளைக்கும். சாதாரண பல்பின் மின்தடை திரையில் மாறுவதில்லை. உண்மையான பல்பின் இழை சூடேறச் சூடேற மின்தடை கூடும். திரையில் பார்த்த எண்ணை ஆய்வகத்தில் உண்மை பல்பில் தேடினால் கிடைக்காது.

மவுஸ் யார் கையில் என்று கேட்காதது

2005 ஆய்வில் மாணவர்களே கருவியை இயக்கினார்கள். அதைக் காட்டி, நாற்பது பேர் முன்னால் ஆசிரியர் மட்டும் புரொஜெக்டரில் இயக்குவதை நியாயப்படுத்த முடியாது. அது வேறு பாடம். ஆய்வகத்தில் கணினிகள் இருந்தால் இருவர் மூவராக உட்காரவைக்கலாம். ஒரே திரைதான் என்றால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் எல்லாரும் கணித்து எழுதி, பக்கத்தில் இருப்பவருடன் வாதாடிய பிறகே சொடுக்குவது என்று வைக்கலாம். அதுவும் நடக்காத நாளில் கரும்பலகையும் நான்கு பல்புகளும் போதும். மிஸ்ரா 2019-இல் டீபேக்கின் மூன்று வட்டப் படத்தைச் சுற்றியிருந்த சூழல் என்ற புள்ளி வட்டத்தையும் ஆசிரியர் அறிய வேண்டிய ஓர் அறிவாகவே பெயர் மாற்றினார். மின்வெட்டு நேரத்தை அறிந்திருப்பதும் அதில் சேர்த்தி.

உற்சாகத்தை அளவுகோலாக்குவது

வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பதோ, டீபேக் கேள்வித்தாளில் ஆசிரியர் தனக்கே கொடுத்துக்கொண்ட மதிப்பெண்ணோ கருவி உதவியதா என்று சொல்லாது. அந்தக் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் தன்னம்பிக்கையைத்தான் அளக்கின்றன.

மறுநாள், கணினி இல்லாமல், தாளில் ஒரே ஒரு கேள்வி கொடுத்துப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி. 10 ஓம், 20 ஓம் என்று சமமில்லாத இரண்டு பல்புகள் தொடரில். முன்னும் நடுவிலும் பின்னும் மூன்று அம்மீட்டர்கள். மூன்றிலும் என்ன வரும், ஏன்? மூன்றிலும் 0.3 என்பது சரி. நடுவில் குறைகிறது என்று எழுதியவர்களுக்குச் செலவழிக்கும் கதை இன்னும் போகவில்லை. அவர்களுடன் அம்மீட்டரை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். 10 ஓம் பல்புக்கு அதிகம், 20 ஓம் பல்புக்குக் குறைவு என்று பிரித்து எழுதியவர்கள் பங்கிடும் கதையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்க இணைப்புக்குத் திரும்ப வேண்டும். சமமான பல்புகளைக் கேள்வியில் கொடுத்திருந்தால், இவர்களின் விடைத்தாளும் சரியான விடைத்தாள்போலவே இருந்திருக்கும்.