ஃபிளேஞ்சில் துளைகளை வட்டமாக அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் இரும்பாலைப் பகுதியிலுள்ள ஒரு வி.எம்.சி. பட்டறைக்கு அனுப்புவதற்காக கேட் மென்பொருளில் வரையப்படும் ஃபிளேஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிவிட்டம் 150 மி.மீ., நடுவிலுள்ள ஹப்பின் விட்டம் 80, போல்ட்டுகள் அமையும் வட்டமான பி.சி.டி. 110. எம்10 ஆலன் போல்ட்டுகளுக்காக 11 மி.மீ. துளைகள் ஆறும், தலை அமர 18 மி.மீ. கவுண்டர்போர்களும் வேண்டும்.

முதல் தவறு கோணத்தில் நிகழ்கிறது. SolidWorks-இல் துளைகளை வட்டமாக அடுக்கும் Circular Pattern கட்டளையில் Equal spacing தேர்ந்தால் 360 என்பது மொத்தக் கோணம். Instance spacing தேர்ந்தால் அதே கட்டத்தில் இடுவது ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் உள்ள கோணம். இவற்றைக் குழப்பினால் துளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும், ஆகவே தவறு உடனே கண்ணில் படும். கண்ணுக்குத் தப்புவது வேறொன்று. ஆறுக்குப் பதில் இதே வட்டத்தில் ஏழு துளைகள் வேண்டியிருந்து, 51.4 பாகை என்று கையால் சுருக்கி இட்டால், ஏழாவது துளை இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 0.16 மி.மீ. விலகிவிடும். 11 மி.மீ. துளையின் இடைவெளி அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாகங்களைத் துல்லியமாக இடத்தில் நிறுத்தும் டோவல் பின்னுக்கான துளையாக இருந்தால் பொறுக்காது. வகுத்தலை மென்பொருளிடமே விட்டுவிடுவது நல்லது.

இதைவிட அதிகமாகப் பொருளைக் கெடுப்பது கவுண்டர்போருக்கும் ஹப்புக்கும் இடையிலான மோதலாகும். பி.சி.டி. ஆரம் 55, அதிலிருந்து கவுண்டர்போரின் ஆரமான 9-ஐக் கழித்தால் அதன் உள்விளிம்பு மையத்திலிருந்து 46 மி.மீ. தொலைவில் நிற்கிறது. ஹப்பின் அடியில் மூலையை வளைவாக்கும் 8 மி.மீ. ஆர ஃபில்லெட் இருந்தால் அது 48 வரை படர்ந்திருக்கும். துளையை மட்டும் சரிபார்ப்பவருக்கு இது தெரியாது, ஏனெனில் 11 மி.மீ. துளையின் உள்விளிம்பு 49.5-இல், பத்திரமான தூரத்தில் இருக்கிறது. ஃபிளேஞ்சின் முகத்திலிருந்து கீழ்நோக்கி மட்டுமே வெட்டும் ஹோல் ஃபீச்சர், மேலே உள்ள ஃபில்லெட்டைத் தொடாமல் விட்டுவிடுவதால், மாடலில் கால் மி.மீ. உயரமுள்ள மெல்லிய உதடு ஒன்று குழியின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். திரையில் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத அந்த உதட்டை, ஒரு துளையின் வழியாகக் குறுக்குவெட்டு எடுத்தால் காணலாம். பட்டறையில் மேலிருந்து இறங்கும் கட்டரோ அதையும் சேர்த்தே செதுக்கி, ஃபில்லெட்டில் பிறைவடிவ வெட்டை விட்டுச்செல்லும். வளைவு இருக்கவேண்டிய இடத்தில் கூரான மூலை உருவாகும்.

பி.சி.டி.யைப் பெரிதாக்கலாம் என்று தோன்றும். ஆனால் எதிர்ப்பாகத்தின் துளைகளும் நகரவேண்டும். சுமை அனுமதித்தால் ஃபில்லெட்டை 5 ஆகக் குறைப்பதே எளிது. அப்போது 1 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பேட்டர்னில் துளையும் கவுண்டர்போரும் தனித்தனி ஃபீச்சர்களாக இருந்தால் இரண்டையும் தேர்ந்தெடுத்தாகவேண்டும். இல்லையேல் முதல் துளைக்கு மட்டுமே குழி அமையும்.

ஆறு துளைகள் என்றால் அடுத்தடுத்த மையங்களின் தூரம் பி.சி.டி. ஆரத்துக்குச் சமம், அதாவது 55. எனவே வெர்னியரில் இரு துளைகளின் வெளிவிளிம்புகளுக்கிடையே 66 வரவேண்டும், குறிப்பாகக் கடைசித் துளைக்கும் முதல் துளைக்கும் இடையில்.