விளக்கை அணைத்த பிறகும் கூப்பிடும் குழந்தை: முதல் குரலிலேயே முடிவெடுங்கள்

போவதா வேண்டாமா என்பதைக் குழந்தை முதல் முறை கூப்பிடும்போதே முடிவு செய்துவிடுங்கள். போவதென்றால் உடனே போய், விளக்கைப் போடாமல், "தூங்குற நேரம்" என்று ஒரே வரி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். போவதில்லை என்றால் பத்தாவது குரலுக்கும் அதே முடிவுதான். எட்டுக் குரல் வரை பொறுத்து ஒன்பதாவதில் எழுந்து போவதுதான் இருப்பதிலேயே மோசம். ஒன்பது முறை கூப்பிட்டால் ஆள் வரும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். மறுநாள் எட்டில் நிற்காது.

காத்திருக்கும்போது குரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். "அம்மா... தண்ணி" என்று கேட்டுவிட்டு, பாட்டாக இழுத்து, இடைவெளி நீண்டுகொண்டே போனால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். அப்போது உள்ளே போனால் முழுதாக விழித்துக்கொள்ளும். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆளை வரவைக்கும் பழக்கத்தை மாற்றும்போது முதல் சில இரவுகளில் கூப்பாடு கூடத்தான் செய்யும்.

குரல் அழுகையாக மாறினாலோ, காய்ச்சல், வாந்தி, மூச்சுத்திணறல், பயம் இருந்தாலோ, எத்தனையாவது குரலானாலும் உடனே போங்கள். கழிப்பறைப் பழக்கம் தொடங்கியிருக்கும் குழந்தை "உச்சா" என்றால், அது சாக்காகவே இருந்தாலும், ஒரு முறை கூட்டிப் போய் வருவதுதான் சரி.