குறும்படத்தைப் பாதியில் நிறுத்துங்கள்

வீட்டுப் பெரியவர்களுக்கு போன் மோசடிக் குறும்படம் காட்டும்போது, “ஓடிபி சொல்லுங்க ஐயா” என்னும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த அறையிலிருந்து அவருடைய போனுக்கே அழைத்து அதே வசனத்தைப் பேசுங்கள். அவரே அழைப்பைத் துண்டிக்கும்வரை விடாதீர்கள்.

தக்கலையில் என் மாமாவுக்குக் காட்டிய படத்தில், உயிர்வாழ் சான்று வரவில்லை, பென்ஷன் நின்றுவிடும் என்று ஒருவன் மிரட்டுவான். கதை மாமாவுக்குச் சட்டென்று புரிந்தது. ஆனால் நான் அழைத்தபோது, காதிலிருந்து போனை எடுத்தவர் சிவப்புப் பொத்தானைத் தேடித் தடுமாறினார். மோசடிக்காரனுக்கு அந்தத் தடுமாற்றமே போதும், பேசிக்கொண்டே இருப்பான். பழகிய விரல் யோசிக்காமல் துண்டித்துவிடும். போன் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பகுதியில், பவர் பொத்தானை அழுத்தினால் அழைப்பு முடியும்படி வைக்கும் வசதி பல போன்களில் உண்டு. அதையும் போட்டுவிடுங்கள்.

தபால்காரர் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுக்கும்போதும் ஓடிபி கேட்கலாம். அங்கே இந்தப் பழக்கம் பொருந்தாது. ஆள் நேரில் இருக்கிறார், நாம்தான் வரச்சொன்னோம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் துண்டித்தால் மட்டும் போதாது, உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.