விதி மாறும்போது அனுப்பும் மின்னஞ்சல்
அலுவலக விதி மாற்றத்தை அறிவிக்கும் மின்னஞ்சலில், யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். காரணம் அதற்கு அடுத்த பத்தியில் வரட்டும். "பயணச் செலவு ரசீதுகளை ஊழியர்கள் இனி 25ஆம் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும். மேலாளர்கள் 28க்குள் ஒப்புதல் தர வேண்டும். கணக்குப் பிரிவினர் எதுவும் செய்ய வேண்டாம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், "எனக்கும் இது உண்டா?" என்று கேட்டு வரும் பதில்களைக் குறைப்பது அதுதான். கைபேசியில் பலர் மேலே உள்ள சில வரிகளோடு நிறுத்திவிடுவார்கள், அதற்குள் வேலை தெரிந்துவிட வேண்டும். காரணத்தையும் நேராகச் சொல்லுங்கள்: ரசீது தாமதமானால் மாதக் கணக்கை முடிக்க முடிவதில்லை.

சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு போன்றவற்றுக்கு இந்த வரிசை ஒத்துவராது. அங்கே நேரில் பேசிய பிறகே மின்னஞ்சல்.