விளக்கத்தைத் தள்ளிவைத்தபோது

ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து கட்டங்களில் நடத்தும் வன்னீர்ப் பாடத்தில், முன்பு கண்டறிதல் கட்டம் பெயருக்குத்தான் நடந்தது. ஈடுபடுத்தலிலேயே கல்சியம் என்ற சொல் வந்துவிட, பிள்ளைகள் அதை உறுதிசெய்யவே சோதனைக்குழாயைக் குலுக்கினார்கள். இப்போது கேத்தலில் படிந்த வெண்படலத்தை மட்டும் காட்டுகிறேன், காரணம் சொல்வதில்லை. சம அளவு கிணற்றுநீரிலும் மழைநீரிலும் சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, நுரை நிலைக்கும்வரை எண்ணுகிறார்கள். சலவைத்தூள் கூடாது, அது வன்னீரிலும் நுரைப்பதால் வேறுபாடு மறைந்துவிடும்.

"கிணற்றுநீர் சவர்க்காரத்தைத் தின்கிறது சேர்" என்றாள் ஒருத்தி. அந்த வாக்கியத்திலிருந்தே விளக்கல் தொடங்கியது: சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நீரின் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கசடாகிறது. விரிவாக்கலில் கிணற்றுநீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடித்து மீண்டும் எண்ணினோம்; துளிகள் குறைந்தாலும் மழைநீரளவுக்கு இறங்கவில்லை. ஏன் என்று அவர்களே கேட்டார்கள். மதிப்பிடலுக்குப் பெயரிடாத இரு போத்தல்கள் கொடுத்தேன். விடையைவிட, நீரின் அளவையும் குலுக்கலையும் ஒரேமாதிரி வைத்தார்களா என்றே கவனித்தேன்.