ஓடும்போது ஸ்டியரிங் இறுகினால் செய்யக்கூடாதவை

பேஸ்லைன் வீதியில் பொரளையிலிருந்து கிருலப்பனைப் பக்கமாக, நடு லேனில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மழை. தேங்கிய தண்ணீரில் முன்சில்லு இறங்கி ஏறியதும் பொனட்டுக்குள் கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் ஏதோ அறுந்து அடிபடும் சத்தம். பேட்டரி லைட் சிவப்பாக எரிந்தது. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. பயத்தில் உடனே பிரேக்கை அழுத்தினேன். வாகனம் நடு லேனிலேயே நின்றுவிட்டது. பிறகு இடப்பக்கம் ஒதுக்கப் பார்த்தால், இரண்டு கையாலும் இழுத்தும் சில்லு அசையவில்லை. பின்னால் பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. கடைசியில் இரண்டு ஆட்டோக்காரர்கள் மழையில் இறங்கித் தள்ளிவிட்டார்கள்.

நான் செய்த தவறு, முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் திருப்பலாம் என்று நினைத்தது. பவர் ஸ்டியரிங் போனாலும் ஸ்டியரிங்குக்கும் முன்சில்லுகளுக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியேதான் இருக்கும். நமக்குக் கிடைத்துக்கொண்டிருந்த உதவி மட்டும்தான் நிற்கிறது. சில்லு உருளும்போது அதைத் திருப்புவது ஓரளவு சுலபம். வேகம் குறையக் குறையப் பாரம் கூடும். நின்ற சில்லைத் தார் வீதியில் தேய்த்துத் திருப்புவதுதான் இருப்பதிலேயே கடினம். அதனால் வாகனம் இன்னும் உருளும்போதே ஓரத்துக்குப் போய்விட வேண்டும். முன்னால் ஏதும் குறுக்கே இருந்தால் பிரேக் பிடிக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஹஸார்ட் லைட்டைப் போட்டு, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கக் கண்ணாடியையும் தோளுக்குப் பின்னாலும் பார்த்து, ஒவ்வொரு லேனாக மெல்ல இறங்குங்கள். ஓரத்துக்கு வந்த பிறகு பிரேக். ஒடுக்கமான ஒழுங்கைக்குள் திருப்பி நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு கூர்மையான திருப்பத்துக்குக் கைப்பலம் போதாமல் போகலாம்.

எஞ்சினே நின்றதால் ஸ்டியரிங் இறுகினால் இன்னும் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. பதற்றத்தில் சாவியை முழுக்கத் திருப்பிக் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால் ஸ்டியரிங் உண்மையாகவே பூட்டிக்கொள்ளும். அடுத்தது பிரேக். எஞ்சின் நின்ற பிறகு பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு அழுத்தலுக்குத்தான் மிஞ்சியிருக்கும். விட்டு விட்டு மிதித்தால் அது தீர்ந்து, பெடல் பலகை மாதிரி ஆகிவிடும். ஒரே தடவையில் பலமாக மிதித்து, நிற்கும்வரை காலை எடுக்காமல் வைத்திருங்கள்.

ஓரத்தில் நிறுத்தியபின் பலர் செய்யும் தவறு, "எஞ்சின் ஓடுகிறதுதானே, மெதுவாக வீட்டுக்குப் போய்விடலாம்" என்று கிளம்புவது. ஸ்டியரிங் பம்பைச் சுற்றும் அதே பெல்ட்தான் பல வாகனங்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும், சிலவற்றில் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. ஸ்டியரிங் பாரமானதோடு பேட்டரி லைட்டும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்க நல்ல வாய்ப்பு. தண்ணீர்ப் பம்பும் நின்றிருந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். அது நிற்காவிட்டாலும் பேட்டரி வடிந்துகொண்டே போகும். இரவில் முதலில் ஹெட்லைட் மஞ்சளாக மங்கும், பிறகு இல்லாமலே போகும். மழைத் தண்ணீர் பட்டு பெல்ட் வழுக்கியிருந்தால் மட்டும், ஸ்டியரிங் சிறிது நேரத்தில் தானாகவே பழைய நிலைக்கு வரும், பேட்டரி லைட்டும் அணைந்துவிடும்.

ஹெட்லைட் திடீரென்று அணைந்தாலும் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் முன் இருட்டு தெரியாது. ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள லைட் நெம்புகோலை இழுத்து ஹை பீம் வருகிறதா பாருங்கள். பல வாகனங்களில் இரண்டுக்கும் ஃபியூஸ் வேறு, அதனால் ஒன்று போனாலும் மற்றது எரியக்கூடும். அதுவும் இல்லையென்றால் ஹஸார்ட் லைட்டைப் போட்டு, இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்தபடி மெல்ல ஒதுங்குங்கள்.

அடுத்த நாள் கராஜில் பாஸ் அறுந்த பெல்ட்டைக் கையில் தந்தார். உட்பக்க வரிகள் முழுக்கக் குறுக்கே வெடித்திருந்தன, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தன. குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வந்த அந்தக் கீச்சுச் சத்தத்தை நான் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.