கரும்பு ஜூஸில் ஐஸைப் போடாதீர்கள்: கோடைக் கடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பாதி ஆனதும் எங்கள் பக்கம் சாலையோரம் புதுக் கரும்பு மெஷின்கள் முளைக்க ஆரம்பிக்கும். பெரும்பாலும் சின்னப் பையன்கள். மெஷின் வாங்கக் கடன், ஒரு வேப்பமரத்து நிழல், நாலு கட்டுக் கரும்பு. சித்திரை முடிவதற்குள் அதில் சிலர் கடையை எடுத்துவிடுவார்கள். கையைக் கழுவு, கிளாஸைக் கழுவு, ஈயை விரட்டு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் நஷ்டப்படுவது வேறு இடத்தில்.

ஐஸை ஜூஸுக்குள் போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. காலையில் கால் பார் ஐஸ் வாங்கி, சாக்கோடு தரையில் போட்டு, கம்பியால் உடைத்து, ஒரு பிடி அள்ளி ஜாடியில் கொட்டி, மேலே சாற்றைப் பிடிக்கிறார்கள். போன வருஷம் எங்கள் கடைக்கு எதிரே போட்டிருந்த தம்பியிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "அண்ணே, ஐஸ் போட்டாத்தானே கிளாஸ் நிறையுது?" என்றான். கணக்குப் போட்டுத்தான் செய்கிறான். கணக்குதான் தப்பு.

வெயிலில் சாய்த்து வைத்த கரும்பைப் பிழிந்தால் சாறு 34 டிகிரிச் சூட்டில் வரும். வாடிக்கையாளர் ஜில்லென்று உணர அது 8 டிகிரிக்காவது இறங்க வேண்டும். 250 மில்லி சாற்றை அவ்வளவு குளிரவைக்க ஏறக்குறைய 70 கிராம் ஐஸ் அதற்குள்ளேயே உருக வேண்டும். அதாவது ஒரு கிளாஸ் சாற்றில் கால் கிளாஸுக்கும் மேலே தண்ணீர் கலந்துவிட்டீர்கள். நல்ல கரும்பில் நூற்றுக்கு 18 பங்கு இனிப்பு இருந்தால், குடிப்பவர் வாய்க்குப் போகும்போது அது 14 பங்குதான். அவர் உங்களிடம் எதுவும் சொல்லமாட்டார். பாதி குடித்து வைத்துவிட்டுப் போவார், மறுநாள் வரமாட்டார். "கரும்பு சரியில்லை" என்று நினைத்து அந்தத் தம்பி கரும்புக்காரரை மாற்றினான். அப்புறம் சாற்றில் சீனித் தண்ணீர் கலந்தான். கரும்பில் ஒரு குறையும் இல்லை.

அதே கரும்பை முன்கூட்டியே குளிரவைத்திருந்தால்? பிழியும்போதே சாறு 14 டிகிரியில் வரும். மீதி ஆறு டிகிரிக்கு 15 கிராம் சொச்சம் ஐஸ் போதும். அதையும் உள்ளே போடத் தேவையில்லை, பாத்திரத்துக்கு வெளியே வைத்தாலே வேலை முடிந்தது.

செய்முறை இதுதான். முந்தின இரவு இரண்டு லிட்டர் பாட்டில்களில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றி இறுக மூடி, வீட்டு ஃப்ரீசரில் உறையவையுங்கள். காலையில் சீவிக் கழுவிய கரும்பை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, பெரிய தெர்மாகோல் பெட்டியில் அந்தப் பாட்டில்களுக்கு நடுவே அடுக்கி மூடுங்கள். தடித்த கரும்பு உள்வரை குளிர இரண்டு மணி நேரமாவது வேண்டும், அதனால் கடை திறப்பதற்கு முன்பே அடுக்கிவிட வேண்டும். துண்டுகளை எடுக்க எடுக்கப் புதிதாகச் சேர்த்து வாருங்கள். சாறு பிடிக்கும் எவர்சில்வர் ஜாடியை ஐஸும் தண்ணீரும் கலந்த பெரிய வாளிக்குள் நிறுத்துங்கள். வெறும் ஐஸ் கட்டிகள் ஜாடியை அங்கங்கே மட்டும்தான் தொடும். தண்ணீர் சேர்ந்தால் சுற்றிலும் தொடும், சீக்கிரம் குளிரும். ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டால் இன்னும் கீழே இறங்கும். அந்த உப்புத் தண்ணீர் ஜாடிக்குள் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாளிக்கு எந்த ஐஸும் ஆகும். ஆனால் ஜூஸுக்குள் போடுவதானால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வருகிறது. பார் ஐஸில் மீனுக்குப் போடுவதும் உண்டு, குடிக்கிற தண்ணீரில் செய்வதும் உண்டு. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது. டைபாய்டு, மஞ்சள் காமாலை உண்டாக்கும் கிருமிகள் ஐஸுக்குள் தாக்குப்பிடித்து, உருகியதும் வேலையைக் காட்டும். சாப்பிடத் தகாத ஐஸில் நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது இதற்காகத்தான். ஆனால் வெள்ளையாக இருப்பதாலேயே ஒரு ஐஸை நல்லது என்று நம்பிவிட முடியாது. ஐஸ் பார் வெளியிலிருந்து உள்ளே உறைந்துகொண்டு போகும். தண்ணீரில் இருக்கும் உப்பையும் அழுக்கையும் நடுவே தள்ளிக்கொண்டே போகும். பாரைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், விளிம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் வெண்மையாக ஒரு தண்டு ஓடும். அந்த வெண்மையில் காற்றுக் குமிழிகளும் உண்டுதான், என்றாலும் அந்தத் தண்ணீரில் இருந்ததெல்லாம் அதிகம் சேர்ந்திருப்பது அங்கேதான். ஒரு துண்டை சுத்தமான கண்ணாடி டம்ளரில் உருகவிட்டு அடியில் தங்குவதைப் பார்த்தால் போதும், பாதிப் பேருக்கு ஜூஸில் போட மனம் வராது. அடியில் ஒன்றுமே தங்காவிட்டாலும் கிருமி இல்லை என்று ஆகாது.

யாராவது ஐஸ் போட்டே கேட்டால், குடிக்கிற தண்ணீரில் நீங்களே உறையவைத்த கட்டிகளைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, இடுக்கியால் இரண்டு போட்டுக் கொடுங்கள்.

ஐஸை மொத்தமாக உடைத்து வைப்பது

வேண்டாம். பொடியான ஐஸ் மதியத்துக்குள் தண்ணீராகும். முழுக் கட்டியாகச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் வைத்து, உருகும் தண்ணீர் வெளியேற அடியில் ஒரு ஓட்டை போட்டு, தேவைக்கு மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள்.

உருளையைச் சும்மா தண்ணீர் ஊற்றிக் கழுவுவது

மெஷின் உருளையின் பல்லிடுக்கில் நார் சிக்கிக்கொள்ளும். கோடை வெயிலில் அதில் ஒட்டிய சாறு வெகு சீக்கிரம் புளிக்கும். தட்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் ஏற்கெனவே தாமதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெந்நீர் ஊற்றி, கம்பி பிரஷால் நாரை இழுத்தெடுக்க வேண்டும். பிறகு ஒரு துண்டுக் கரும்பை ஓட்டி, அந்த முதல் சாற்றைக் கீழே கொட்டிவிடுங்கள், உருளையில் தேங்கிய தண்ணீர் அதோடு போய்விடும். பல்சக்கரத்துக் கிரீஸ் சாறு விழும் பக்கம் வழிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

முன்கூட்டியே பிழிந்து வைப்பது

கூட்ட நேரத்திலும் கூடாது. கரும்புச் சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும். எலுமிச்சை அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது.

சக்கை

சாக்கில் கட்டி மூடுங்கள். தேனீயும் ஈயும் அங்கிருந்துதான் கிளாஸுக்கு வருகின்றன.

கரும்பை நேற்றே சீவுவது

தோல்தான் கரும்புக்கு மூடி. சீவிய கரும்பு ஒரு ராத்திரியில் மேலே சிவந்து காய்ந்துபோகும், சாறும் குறையும். ஒரு கிலோ கரும்புக்கு அரை லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் சாறு கிடைக்கும், அதிலும் விட்டால் கட்டுப்படியாகாது. மதியம் வரைக்கும் தேவையானதை மட்டும் காலையில் சீவுங்கள். வெட்டிய முகத்தையும் பாருங்கள். உள்ளே சிவப்பும், குறுக்கே வெள்ளைத் திட்டுகளும், முகர்ந்தால் சாராய நெடியும் இருந்தால் அது செவ்வழுகல். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை ஓட்டுவார்கள், ஜாடி முழுக்கப் புளிப்பு ஏறும். முழுக் கரும்பையும் ஒதுக்குங்கள்.

விற்காமல் மீந்த கரும்பைத் தோலோடு நிழலில் நிமிர்த்தி நிறுத்தி, அடிப்பக்கத்தை ஈரச் சாக்கால் சுற்றி வையுங்கள். மறுநாள் காலை இரு நுனியிலும் இரண்டு அங்குலம் வெட்டிப் போட்டுவிட்டுச் சீவ ஆரம்பிக்கலாம்.